ஏ.சி. சர்வீஸ் விளம்பரத்துக்கு ஒரு காலண்டர் தாள் போதும்

"திருச்சியில் மூன்று டெக்னீஷியன்களோடு ஏ.சி. சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வெயில் தொடங்கும் முன் 30 விநாடியில் ஒரு வீடியோ விளம்பரம் எடுக்க வேண்டும். நடிகர், செட் எதற்கும் காசு இல்லை. சர்வீஸ் செய்தால் என்ன வித்தியாசம் என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு செய்முறையைக் காட்டி எழுதினால் எடுபடுமா? ஸ்கிரிப்ட் எப்படி அமையும்?"

எடுபடும். ஆனால் ஸ்கிரிப்டுக்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: சர்வீஸ் செய்வதால் ஏ.சி.யில் மாறுகிற பல விஷயங்களில் எது கேமராவுக்குத் தெரியும்? நான் சிறு கடைகளுக்கு உள்ளூர் கேபிளிலும் பிறகு கைபேசியிலும் ஓடுகிற விளம்பரங்களைப் பதினைந்து வருடமாக எழுதுகிறவன். ஏ.சி. மெக்கானிக் இல்லை. கீழே இயந்திரம் பற்றிச் சொல்வதெல்லாம் படப்பிடிப்பில் டெக்னீஷியன்களோடு நின்று கற்றுக்கொண்டது. உங்கள் ஆட்கள் ஒருமுறை படித்துச் சரிபார்க்கட்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தெர்மாமீட்டர். சர்வீஸுக்கு முன் ஒரு எண், பின் ஒரு எண், வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்று நானும் நினைத்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காக அப்படித்தான் எடுக்கப் போனோம். அழுக்கேறிய இண்டோர் யூனிட்டின் வாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தால் 10 டிகிரி காட்டியது. முழுதாகக் கழுவி மாட்டியபின் 13 டிகிரி. அதாவது கழுவினபிறகு காற்று வெதுவெதுப்பாகிவிட்ட மாதிரி! கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதை அப்படியே மாத்திப் போட்டுடலாமா சார், யாருக்குத் தெரியப்போகுது" என்றார். அன்றைக்குக் கேமராவை மூடிவிட்டு வந்தோம்.

காரணத்தை வந்திருந்த டெக்னீஷியன்தான் விளக்கினார். ஃபில்டரும் ப்ளோயரும் அடைத்திருந்தால் உள்ளே போகிற காற்று குறைந்துவிடும். குறைவான காற்று உள்ளே குளிர்ந்திருக்கிற குழாய்ச் சுருளான காயிலைத் தொட்டு மெதுவாக நகர்வதால் இன்னும் அதிகமாகக் குளிர்ந்து வெளியே வருகிறது. அதனால் வாயில் கையை வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் அறைக்கு வந்து சேர்கிற காற்று கொஞ்சம்தான். குழாயை லேசாகத் திறந்து வைத்தால் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தாலும் பக்கெட் நிரம்ப நேரமாகிற மாதிரி, அறை குளிர நேரமாகும். அடைப்பு இன்னும் முற்றினால் காயிலில் பனிக்கட்டி படிந்து, அது உருகித் தரையில் சொட்டும். ஆக, அழுக்கால் முதலில் போவது காற்றின் அளவு. வாயில் வைத்த தெர்மாமீட்டர் அதைக் காட்டாது. சில நேரம் நேர்மாறாகக் காட்டும்.

அடுத்து எல்லோரும் எடுப்பது கறுப்புத் தண்ணீர் வாளி. ஜெட் பம்பு அடித்ததும் காயிலிலிருந்து சேறு மாதிரி இறங்குவதைக் காட்டுவது. பார்க்க அருவருப்பாக இருக்கும், கண் நிற்கும், உண்மையும்கூட. ஆனால் அழுக்கு வெளியே போனதைத்தான் அது காட்டுகிறது. அதனால் வீட்டுக்காரருக்கு என்ன கிடைத்தது என்பதைக் காட்டவில்லை. தவிர, உங்கள் ஊரில் இன்னும் பத்துப் பேர் அதே வாளியைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

காட்ட வேண்டியது காற்று என்று தெரிந்துவிட்டால், பிறகு வேலை எளிது. ஏதாவது ஒன்று பறக்க வேண்டும். ரிப்பன் கட்டலாம், நூல் கட்டலாம். நான் சொல்வது தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள். அது இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. பார்க்கிறவர் உடனே தன் வீட்டிலேயே கிழித்து ஒட்டிப் பார்க்கலாம். தாளில் தேதி இருப்பதால் "வெயிலுக்கு முன்னால்" என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம், மாசி என்று அதிலேயே அச்சாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது, தேதி சிவப்பில் பெரிதாகத் தெரியும். சாமி படம் போட்ட தாள் மட்டும் வேண்டாம். செலோ டேப் ஒட்டி ஏ.சி.யில் தொங்கவிட்டால் யாராவது மனம் நோவார்கள். (வீடியோவை நிறுத்திவைத்து, நீங்கள் வேலையை ஆரம்பித்தது ராகு காலத்திலா என்று பார்க்கிறவரும் உண்டு. தாளில் நேரம் இருக்கிறது, சுவரில் கடிகாரமும் இருக்கப்போகிறது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இந்தச் செய்முறையில் உங்களைப் போன்ற கடைக்காரர் தயங்கும் இடம் ஒன்று உண்டு. தாள் எழும்பாததற்கு முக்கால்வாசி நேரம் ஃபில்டர்தான் காரணமாக இருக்கும். அதை வீட்டுக்காரரே ஐந்து நிமிடத்தில் கழற்றிக் குழாயடியில் கழுவிவிடலாம். அதை விளம்பரத்தில் சொன்னால் நம்மை யார் கூப்பிடுவார்கள் என்று தோன்றும். நான் அதைச் சொல்லச் சொல்கிறேன். அதுவும் நடுவிலேயே, படமாகக் காட்டியே. ஃபில்டரைக் கழுவி மாட்டியபின் தாள் பாதி எழும்புகிறது. மீதிப் பாதி உள்ளே ப்ளோயர் இதழ்களில் ஒட்டியிருக்கிற படிவம். ப்ளோயர் என்பது இண்டோர் யூனிட்டின் நீளத்துக்கு உருளையாகச் சுழலும் விசிறி. அதன் ஒவ்வொரு சின்ன இதழிலும் தூசியும் ஈரமும் சேர்ந்து பிசுக்காகிவிட்டால், மோட்டார் அதே வேகத்தில் சுற்றினாலும் இதழ் காற்றை அள்ளாது. அங்கே வீட்டுக்காரர் கை போகாது. உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று தாள் சொல்லிவிடும். மூன்று நிலை: தொங்குகிறது, பாதி எழும்புகிறது, படபடக்கிறது. நடுவிலுள்ள நிலையை எடுத்துவிட்டால் வெறும் முன்-பின் விளம்பரமாகிவிடும். அந்த மாதிரி ஆயிரம் இருக்கிறது. நடுவிலுள்ள அந்த நிலை இருப்பதால்தான் பார்க்கிறவர், இந்த ஆள் நம்மிடம் தேவையில்லாத வேலைக்குக் காசு கேட்கமாட்டார் என்று நினைப்பார்.

சரி, ஸ்கிரிப்ட். நான் எழுதினால் இப்படி இருக்கும். உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் 5 விநாடி பேச்சே இல்லை. ஓடுகிற ஏ.சி.யின் சத்தம் மட்டும். படம் முழுக்க இண்டோர் யூனிட், பக்கத்தில் சுவர்க் கடிகாரம், மணி பத்து. காற்று வரும் வாயின் நடுவில் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறது. அசையாமல் தொங்குகிறது. பிறகு குரல்: "ஏ.சி. முழு வேகத்துல ஓடுது. தாளைப் பாருங்க." 9-வது விநாடியில் டெக்னீஷியன் வந்து ரிமோட்டில் நிறுத்தி, சுவரிலுள்ள ஸ்விட்சையும் அணைக்கிறார். முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவுகிறார்; குழாயடியில் தண்ணீர் கலங்கலாக ஓடுவது ஒரு நொடி. குரல்: "ஃபில்டரை நீங்களே கழுவலாம்." 13-வது விநாடியில் மறுபடி அதே கோணம், கடிகாரத்தில் பத்தே முக்கால், அதே தாள். சாய்வாக எழும்பி நிற்கிறது. குரல்: "பாதிதான் எழும்புது. மீதி அழுக்கு உள்ள ப்ளோயர்ல இருக்கு. அங்க உங்க கை போகாது, எங்க பம்பு போகும்." 19-வது விநாடியில் யூனிட்டைச் சுற்றிக் கவர் கட்டி ஜெட் பம்பால் கழுவுவது வேகமாக ஓடுகிறது. கடிகார முள்ளும் கூடவே ஓடுகிறது. 22-ல் குரல் நின்றுவிடுகிறது. அதே கோணம், பன்னிரண்டேகால், அதே தாள். படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் 3 விநாடி. கடைசி 5 விநாடிக்குக் குரல்: "உங்க வீட்டு ஏ.சி.யிலயும் இன்னைக்கு ஒரு தாளை ஒட்டிப் பாருங்க. ஃபில்டர் கழுவியும் எழும்பலைன்னா கூப்பிடுங்க." திரையில் கடைப் பெயர், எண், எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள், ஸ்பிளிட் ஒன்றுக்கு எவ்வளவு.

மொத்தப் பேச்சு 40 சொல்லுக்கும் குறைவு. தமிழில் நிதானமாகப் பேசினால் விநாடிக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரைச் சொல்தான் வரும். 30 விநாடிக்கு 60 சொல் எழுதிவிட்டால் செய்முறைக்கு மூச்சுவிட இடம் இருக்காது. ஆரம்ப 5 விநாடி மௌனமும் படபடக்கும் 3 விநாடியும்தான் விளம்பரம். மற்றதெல்லாம் அவற்றை இணைக்கிற கயிறு. கைபேசியில் நிறையப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கும் இது புரியும். எடுத்து முடித்தபின் சத்தமில்லாமல் வீட்டில் யாரிடமாவது காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். "ஃபில்டர் கழுவினா பாதி, அப்புறம் முழுசு" என்று அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும்.

இனிப் படமெடுப்பது. தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஏ.சி.யைக் கூல் மோடில் ஓடவிடாதீர்கள், ஃபேன் மோடில் வையுங்கள். கூல் மோடில் ஆட்டோ வேகம் இருந்தால் அறையின் வெப்பத்துக்குத் தக்கபடி அதுவாகவே ஏறி இறங்கும். மூன்று ஷாட்டிலும் வேகம் ஒன்றுதான் என்று நீங்களே உறுதியாகச் சொல்ல முடியாது. ஃபேன் மோடு, வேகம் ஹை, ஸ்விங் நிறுத்தம், காற்றைத் திருப்புகிற லூவர் தகடு மூன்று தடவையும் ஒரே சாய்வு. அறையின் சீலிங் ஃபேன் அணைந்திருக்க வேண்டும், ஜன்னலும் கதவும் சாத்தியிருக்க வேண்டும். தாள் ஒட்டுகிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளோயரில் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியாது. நடுவில் ஒட்டிய தாளை அடுத்த முறை ஓரத்தில் ஒட்டினால் அது வேறு சோதனை.

தாளின் எடையைச் சோதிக்காமல் போகாதீர்கள். காலண்டர் தாள் மெல்லியது, அழுக்கு ஏ.சி.யிலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதற்கு ஒரு ஜெம் கிளிப்பைத் தாளின் அடிவிளிம்பில் மாட்டுங்கள். போதாவிட்டால் இன்னொன்று. சுத்தமான ஒரு ஏ.சி.யில் முதல்நாளே வைத்துப் பார்த்து, தாள் ஏறக்குறையக் கிடைமட்டமாக நிற்கிற அளவுக்குக் கிளிப்பை முடிவு செய்துகொண்டு அதன்பிறகு மாற்றாதீர்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி எடையைத் தேர்ந்தெடுப்பது நியாயம்தான், தராசுக்கு ஏற்ற படிக்கல்லை எடுப்பது போல. முதல் ஷாட்டில் இரண்டு கிளிப்பும் கடைசி ஷாட்டில் ஒன்றும் என்றால் அது திருட்டு. கிளிப் படத்தில் தெரியட்டும், மறைக்க வேண்டாம். வீட்டில் செய்து பார்க்கிறவர் கிளிப் இல்லாமல் ஒட்டி, "எங்க வீட்டுல ஆடுதே" என்பார். அதனால் திரையில் சின்னதாக "ஒரு தாள், இரண்டு கிளிப்" என்று போட்டுவிடுங்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்பதையும் அதே வரியில் சேருங்கள்.

இன்னொரு சிக்கல் ஈரம். கழுவி முடித்த உடனே ஓடவிட்டால் ப்ளோயர் உள்ளே தங்கின தண்ணீரைத் துளித்துளியாக உமிழும். தாள் நனைந்து கனத்துப்போய், சர்வீஸ் செய்தபிறகும் தொங்கும். கால் மணி நேரம் தாள் இல்லாமல் ஓடவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். ஃபில்டரையும் நிழலில் உலர்த்தித்தான் மாட்ட வேண்டும். கடிகாரத்தில் பத்துக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவே இடைவெளி விட்டது அதற்காகத்தான். அப்புறம், வெள்ளைச் சுவரில் வெள்ளை ஏ.சி.யில் வெள்ளைத் தாள் ஒட்டினால் கைபேசித் திரையில் எதுவுமே தெரியாது. ஏ.சி.க்குக் கீழே சுவரில் ஒரு கரும்பச்சைப் புடவையையோ போர்வையையோ விரித்து ஆணியடித்துவிடுங்கள். கேமரா ஸ்டாண்டிலிருந்து மூன்று ஷாட்டுக்கும் நகரக் கூடாது.

எந்த ஏ.சி.யை எடுப்பது? டீக்கடையிலோ அடுப்பு ஓரத்திலோ மூன்று வருடம் எண்ணெய்ப்புகை குடித்த ஏ.சி. பிரமாதமான வித்தியாசத்தைக் காட்டும். ஆனால் அது பார்க்கிறவர் வீட்டு ஏ.சி. இல்லை. சாதாரணப் படுக்கையறையில், போன வெயிலுக்கு முன்னால் சர்வீஸ் ஆனதை எடுத்து, திரையில் "ஒரு வருடமாக சர்வீஸ் ஆகாத வீட்டு ஏ.சி." என்று எழுதுங்கள். ஃபில்டர் கழுவியதுமே தாள் முழுதாகப் படபடத்துவிட்டால், அந்த ஏ.சி.க்கு நீங்கள் தேவையில்லை. வேறு வீடு தேடுங்கள். தாள் பாதி எழும்புகிற நடு ஷாட்டுக்காக ஃபேன் வேகத்தைக் குறைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1959-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரேப்பிட் ஷேவ் என்ற சவர நுரைக்கு விளம்பரம் வந்தது. உப்புத்தாளில் நுரையைப் பூசி, உடனே ரேஸரால் ஒரு இழுப்பு, மணல் மொத்தமும் வழுக்கென்று வந்துவிடும். அது உப்புத்தாளே இல்லை, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகட்டில் மணலைத் தூவியது. நிஜ உப்புத்தாளையும் அப்படிச் சவரம் செய்யலாம்தான், ஆனால் 80 நிமிடம்போல ஊற வேண்டும். 1965-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், போலிச் சாமானை வைத்துக்கொண்டு நிரூபணம் என்று காட்டுவது ஏமாற்றுதான் என்று தீர்ப்பானது. நம் நாட்டிலும் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளானாலும் சேவையானாலும், பொய்யாக விவரிக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்துவது என்கிறது. ஆகவே வெட்டாத முழு வீடியோவை அழிக்காமல் வையுங்கள். காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டர் ஒன்றை வாங்கி, மூன்று நிலையிலும் ஒரே புள்ளியில் அளந்து எண்களைக் குறித்துவைத்தால் இன்னும் பலம். எண்ணை விளம்பரத்தில் போட வேண்டாம், யாராவது கேட்டால் காட்டத்தான்.

இந்தத் தாள் எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொண்டுதான் வாசகம் எழுத வேண்டும். கேஸ் கசிந்து குறைந்திருந்தாலும் காற்று நன்றாகவே வரும், தாள் படபடக்கும், அறை மட்டும் குளிராது. மொட்டை மாடியில் இருக்கிற அவுட்டோர் யூனிட் தூசி அடைத்திருந்தாலும் உள்ளே தாளுக்குத் தெரியாது. அதனால் வாசகத்தில் "காற்று" என்ற அளவோடு நில்லுங்கள். "கூலிங் இரட்டிப்பாகும்" என்றோ "கரண்ட் பில் பாதியாகும்" என்றோ எழுதினால் தாள் நிரூபித்ததைத் தாண்டிப் போகிறீர்கள். சுத்தமான ஏ.சி. அறையைச் சீக்கிரம் குளிர்விப்பதால் மின்சாரம் மிச்சமாக வாய்ப்பு உண்டு. ஆனால் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள், எத்தனை டிகிரியில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பில்லில் அதைப் பிரித்துக் காட்ட உங்களால் முடியாது. விலையைப் போடும்போதும் அது சர்வீஸுக்கு மட்டும், கேஸ் சேராது என்று சேர்த்தே போடுங்கள். சர்வீஸ் என்று உள்ளே வந்து கேஸ் போட வைத்துவிட்டார்கள் என்ற கசப்பு நிறைய வீடுகளில் இருக்கிறது.

எப்போது ஓடவிடுவது என்றால், மாசி நடுவிலிருந்து பங்குனி முடிய, அதாவது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் பாதிவரை. மூன்று டெக்னீஷியன்கள் தனித்தனியாகப் போனாலும் ஆளுக்கு நாளைக்கு நாலைந்து ஏ.சி.தான் ஒழுங்காகக் கழுவ முடியும். கத்திரி வெயில் நேரத்தில் விளம்பரமே இல்லாமல் அந்த அளவுக்கு அழைப்பு வரும். அப்போதும் ஓடவிட்டால், வர முடியாத வீட்டுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

போன் எடுக்கிறவர் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். கூப்பிடுகிறவரிடம் முதல் கேள்வி, "தாளை ஒட்டிப் பார்த்தீங்களா?" ஆம் என்றால் ஒரு கோடு, இல்லை என்றால் ஒரு வட்டம். விளம்பரம் வேலை செய்கிறதா என்பதை இரண்டு வாரத்தில் அந்த நோட்டு சொல்லிவிடும். "ஃபில்டர் கழுவினோம், நல்லா பறக்குது, இருந்தாலும் சர்வீஸ் பண்ணணுமா?" என்று சிலர் கேட்பார்கள். அறை குளிர்கிறதா, தண்ணீர் சொட்டுகிறதா, வாடை வருகிறதா, அவுட்டோர் யூனிட்டில் தூசி அப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், இப்போதைக்கு அவசரமில்லை, மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் பெயரையும் எண்ணையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.